மாம்பழ வரியில் இரண்டு 74

"ஒரு மாம்பழத்துல எத்தனை கலோரி?" என்று கேட்டதும் பட்டென்று ஒரு எண்ணைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எந்த மாம்பழம்? என்ன எடை? தோலைச் சீவினீர்களா, தோலோடு கடித்தீர்களா? கொட்டையைச் சப்பினீர்களா, அப்படியே தூக்கிப் போட்டீர்களா? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் பதில் சொல்கிறவர் பழத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கேயோ படித்ததை ஒப்பிக்கிறார்.

இந்தப் பதிவு அந்த ஒப்பிக்கும் பழக்கத்துக்கு எதிரானது. சுவரில் ஒட்டும் கலோரி சார்ட், வாட்ஸப்பில் சுற்றும் "ஒரு பழம் = இத்தனை கலோரி" படம், நம் வகுப்பு ரெக்கார்டு நோட்டு, எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான். கணக்கைப் பழத்திலிருந்து தொடங்காமல் அட்டவணையிலிருந்து தொடங்குகிறோம்.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். நம் நாட்டில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1937-லேயே குன்னூரில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அய்க்ராய்டு என்பவர் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கூடம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அங்கிருந்து 1971-ல் கோபாலன், ராம சாஸ்திரி, பாலசுப்ரமணியன் மூவர் பெயரில் வந்த புத்தகம்தான் பல வருஷமாக நம் கல்லூரிகளில் புழங்குவது. 1989-ல் அதைத் திருத்திப் போட்டார்கள். பழுத்த மாம்பழத்துக்கு அதில் உள்ள வரியைப் பாருங்கள். உண்ணும் பகுதி 74 சதவீதம். கலோரி, 100 கிராமுக்கு 74.

இரண்டு இடத்திலும் 74! தற்செயல்தான், ஆனால் பொல்லாத தற்செயல்.

ஒரு மாம்பழம் தராசில் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 300-ஐ 74-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்கிறார். விடை 222. "222 கலோரி" என்று எழுதிவிட்டு எழுந்து போகிறார். இன்னொருவர் அதே பெருக்கலைச் செய்து, "222 கிராம் சதை" என்று எழுதுகிறார். எண் ஒன்று, அர்த்தம் வேறு. இரண்டாமவர் செய்ததுதான் சரி, ஆனால் அது பாதிக் கணக்கு. அந்த 222 கிராமை இன்னொரு முறை 74-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் வருவது 164 கலோரி. முதலாமவர் தோலுக்கும் கொட்டைக்கும் சேர்த்து 58 கலோரி கொடுத்துவிட்டார். நோட்டில் 222 என்று பார்த்ததும் திருத்துகிறவரும் டிக் போட்டுவிடுவார், ஏனென்றால் அவர் மனதிலும் அந்த எண்தான் எங்கேயோ இருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அட்டவணையில் உள்ள கலோரி, புரதம், மாவுச்சத்து எல்லாமே 100 கிராம் *உண்ணும் பகுதிக்கு*. கடையில் வாங்கிய 100 கிராமுக்கு அல்ல. ஆகவே கடை எடையை நேராகக் கலோரியோடு பெருக்கக் கூடாது. அதே மாதிரி, ஏற்கெனவே தோல் சீவி, நறுக்கி எடை போட்ட துண்டுகளுக்கு மறுபடியும் 74 சதவீதம் போடக் கூடாது. ஒரே கழிவை இரண்டு தடவை கழிக்கிற ஆட்களும் உண்டு.

மாம்பழத்தில் இந்தப் பிழை கொஞ்சம்தான் உறுத்தும். பலாப்பழத்தில் மானம் போய்விடும். பலாவுக்கு அந்தப் புத்தகம் தரும் உண்ணும் பகுதி 30 சதவீதம், கலோரி 100 கிராமுக்கு 88. 10 கிலோ பழம் என்றால் 3 கிலோ சுளை, 2640 கலோரி. முழு எடையைப் பெருக்கினால் 8800. மூன்று மடங்குக்கும் மேல் தப்பு. முள்தோலையும் நடுத்தண்டையும் யாரோ தின்றால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

இதோடு முடியவில்லை. நம்மூர் சங்கரன்கோவிலில் பலாப்பழத்தை முழுசாக வாங்குகிறவர் எத்தனை பேர்? சீசனில் வண்டியில் சுளையாகத்தான் வாங்குகிறோம், அதுவும் கொட்டையோடு. இதற்கு 30 சதவீதமும் பொருந்தாது, 100 சதவீதமும் பொருந்தாது. அரைக் கிலோ சுளை வாங்கி, கொட்டையை எடுத்து எடை போட்டால் 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 380 கிராம், 334 கலோரி. அரைக் கிலோவையும் அப்படியே பெருக்கியவருக்கு 440 வரும். புத்தகத்தில் 30 இருக்கிறதே என்று அதையும் போட்டவருக்கு 132 வரும். ஒரே பொட்டலத்துக்கு மூன்று விடை, அட்டவணையில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை.

அந்தக் கொட்டை கழிவா என்ன? அவித்துத் தின்கிறோம், சாம்பாரில் போடுகிறோம். அதே புத்தகம் பலாக்கொட்டைக்குத் தனி வரி கொடுத்து, 100 கிராமுக்கு 133 கலோரி என்கிறது. சுளையைவிட அதிகம். புரதம் 6.6 கிராம், சுளையில் 1.9-தான். ஒரு முழுப் பழத்திலிருந்து மேல்தோல் உரித்த கொட்டை 1 கிலோ கிடைத்தால் அதிலேயே 1330 கலோரி இருக்கிறது. மேலே சொன்ன 3 கிலோ சுளையில் உள்ளதில் பாதி! "உண்ண முடியாத பகுதி" என்று நோட்டில் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவது பலாவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் செய்கிற வேலை.

இப்போது வாழைப்பழம். என் உண்மையான கோபம் இங்கேதான்.

எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறாள். ஒரு இடத்தில் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் "வாழைப்பழம் 1 = 105 கலோரி, மாவுச்சத்து 27 கிராம்" என்று இருந்தது. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் "நடுத்தர வாழைப்பழம்" என்று ஒன்று உண்டு. தோல் உரித்த பிறகு அது 118 கிராம். அங்கே கடையில் கிடைக்கும் நீளமான பச்சை ரகத்தைச் சேர்ந்த பழம். ஆச்சி சாப்பிடுவது விரல் நீளத்து நாட்டுப்பழம். உரித்த பழம் 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், நம் புத்தகத்தின்படி (100 கிராமுக்கு 116 கலோரி, மாவுச்சத்து 27.2) 58 கலோரி, மாவுச்சத்து 13.6 கிராம். தாளில் இருப்பதில் பாதி.

"பாதிதானே, குறைந்தால் நல்லதுதானே" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போடுகிறவர் 27 என்று நினைத்து ஊசி போட்டு, வயிற்றுக்குள் 13.6 மட்டும் போனால், சர்க்கரை கீழே இறங்கும். மயக்கம் வரும். மறுபக்கம், பெரிய நேந்திரம் ஒன்றைத் தின்றுவிட்டு "ஒரு பழம்தான்" என்று எண்ணினால் கணக்கு மேலே போகும். "ஒரு பழம்" என்பது அளவே இல்லை. மட்டியும் ஒரு பழம், செவ்வாழையும் ஒரு பழம்.

100 கிராமுக்கு அமெரிக்க அட்டவணை 89 கலோரி என்கிறது, நம்முடையது 116 என்கிறது. எது பொய்? இரண்டும் பொய் இல்லை. நம் புத்தகத்தின் பழத்தில் ஈரப்பதம் 70 சதவீதம், அவர்களுடையதில் சுமார் 75. தண்ணீர் குறைந்தால் அதே 100 கிராமில் சர்க்கரை கூடும். ரகம் மாறினால், பழுக்கும் பக்குவம் மாறினால் இது மாறும். ஹைதராபாத் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணை வாழையில் மொந்தன், பூவன், செவ்வாழை, ரொபஸ்டா என்று தனித்தனி வரி கொடுத்திருக்கிறது. மாம்பழத்திலும் பங்கனபள்ளி, நீலம் என்று ரகம் பிரித்திருக்கிறது. வாங்கிய ரகத்தின் வரியைப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். நாம் பேச்சில் சொல்லும் கலோரி (கிலோகலோரி) வேண்டுமென்றால் 4.184-ஆல் வகுக்க வேண்டும். மறந்தால் மாம்பழக் கணக்கு நாலு மடங்குக்கும் மேல் ஏறிவிடும் :-)

சரி, எப்படித்தான் செய்வது? சதையை எடை போடாதீர்கள், கழிவை எடை போடுங்கள். முழுப் பழத்தைக் கழுவியிருந்தால் நன்றாகத் துடைத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே சாப்பிடுங்கள். முடிந்த உடனே தோல், கொட்டை, காம்பு, வெட்டிப் போட்ட அழுகல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு எடை போடுங்கள், தட்டின் எடையைக் கழித்துவிட்டு. முதல் எடையிலிருந்து இதைக் கழித்தால் உங்கள் வயிற்றுக்குள் போனது. அதை 100 கிராம் கலோரியோடு பெருக்கி 100-ஆல் வகுங்கள். அவ்வளவுதான். தட்டை ராத்திரி வரை வைத்திருந்து போட்டால் தோல் காய்ந்து எடை குறையும், நீங்கள் தின்றது கூடுதலாகத் தெரியும்.

இதில் ஏன் சதையை எடை போடச் சொல்லவில்லை? மாம்பழத்தை நறுக்கும்போது சாறு பலகையில் ஒழுகும், கையில் ஒட்டும். அதோடு கொட்டையை யாரும் சதை ஒட்ட எறிவதில்லை, சப்பித்தான் போடுகிறோம். கத்தியால் இரண்டு கன்னத்தை மட்டும் அறுத்துக்கொண்டு மீதியைத் தள்ளுகிறவருக்கும், நார் வெளுக்கும் வரை சப்புகிறவருக்கும் ஒரே 300 கிராம் பழத்தில் உண்ணும் பகுதி ஒன்றாக இருக்குமா? 74 சதவீதம் என்பது மாம்பழத்தின் குணம் அல்ல. ஒரு ஆய்வுக்கூடத்தில், ஒரு விதமாகச் சீவிய பழங்களின் எண். வாங்கப்போகும் பழத்துக்கு முன்கூட்டியே உத்தேசம் சொல்ல அது உதவும். சாப்பிட்டு முடித்த பழத்துக்கு உங்கள் தட்டுதான் சாட்சி.

ஆகவே என் கோரிக்கை சின்னது. இனி யாராவது "ஒரு பழம் = இத்தனை கலோரி" என்று எழுதினால், பக்கத்தில் மூன்று விஷயத்தையும் எழுதட்டும்: என்ன ரகம், உரித்த பின் எத்தனை கிராம், எந்த அட்டவணை. நம் நோட்டிலும் "கடை எடை", "கழிவு", "உண்டது" என்று மூன்று கட்டம் போடுவோம். சர்க்கரைக்காரர் கையில் தாள் கொடுக்கிறவர்கள் எண்ணிக்கையைத் தூக்கிவிட்டு கிராமில் கொடுக்கட்டும். ஆச்சியிடம் இப்போது "உரிச்ச பழம் 50 கிராம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சமையலறைத் தராசில் நாலு நாள் போட்டுப் பார்த்தாள், அஞ்சாம் நாள் கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

மறுத்துப் பேச வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் தராசோடு வாருங்கள்.