“மிகவும் பயனுள்ள நூல்” – யாருக்கு சாமி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைப் பற்றி பி.காம் மாணவர்கள் செய்யும் புராஜெக்ட்டின் கடைசிப் பக்கங்களில் குறிப்புரையோடு ஒரு நூற்பட்டியல் இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் விவரம், சுருக்கம், மதிப்பீடு. சுருக்கம் இணையத்தில் சுட்டது. மதிப்பீடு எல்லாவற்றுக்கும் ஒன்றே: “மிகவும் பயனுள்ளது”.

சோம்பேறித்தனம்தானே என்று விட்டுவிட முடியாது. இது ஒரு பக்கமாகச் சாய்ந்த வேலை. நோக்கியா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கி, 2014 நவம்பர் 1-ல் நின்றுபோனது. கம்பெனி அறிவிப்பு காப்பி பேஸ்ட்டுக்கு வசதி, அதற்கு அரைப் பக்கம். வேலை பார்த்த பெண்களின் பேச்சைத் தொகுத்த நூலை உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்கு இரண்டு வரி. பட்டியலைப் பார்ப்பவர் நீளத்தை வைத்தே எது முக்கியம் என்று முடிவுகட்டுவார். அதனால்தான் அளவு வேண்டும்: சுருக்கம் 60 சொல், மதிப்பீடு 40 சொல் என்று வைத்தால் எல்லாவற்றுக்கும் அதுவே. பெரிய புத்தகத்தை 60 சொல்லில் அடைக்க முடியுமா என்பார்கள். புத்தகத்தை யார் அடைக்கச் சொன்னது? இந்த புராஜெக்ட்டுக்கு அதிலிருந்து எது வேண்டுமோ, அதை மட்டும் எழுதினால் போதும்.

அடுத்தது, பெயர் எழுதும் முறை. இதை யாரும் மதிப்பதில்லை, வெறும் புள்ளி கமா சமாச்சாரம் என்ற நினைப்பு. நோக்கியா பொருளாதார மண்டலத்துக்கு அரசு கொடுத்த சலுகைகளின் விலையைப் பற்றி மதுமிதா தத்தா 2009-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார். மேலே சொன்ன பெண்களின் பேச்சு, ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’ (2021), அதுவும் அவருடையதே. ஒன்றை “தத்தா, மதுமிதா” என்றும் மற்றதை “மதுமிதா தத்தா” என்றும் எழுதினால் அகர வரிசையில் ஒன்று ‘த’வில், இன்னொன்று ‘ம’வில் போய் உட்காரும். படிப்பவருக்கு இரண்டு தனித்தனி சாட்சிகள் போலத் தெரியும். ஒரே முறையில் எழுதினால் அடுத்தடுத்து வந்து, ஒரே ஆய்வாளர் என்பது கண்ணில் படும்.

மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும்? 2009 கட்டுரைக்கு இப்படி: “சலுகைகளின் கணக்குக்கு இதை நம்பலாம். ஆலை மூடும் முன் எழுதியது, எனவே 2014-க்குப் பின் வேலை இழந்தவர்களைப் பற்றி இதில் எதுவும் இருக்க முடியாது.” புத்தகத்துக்கு: “தொழிலாளர் வாழ்க்கை அவர்கள் வாயாலேயே வருகிறது. பேசுவது சில பெண்கள் மட்டுமே. மொத்த வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது.”

இந்த இரண்டு குறிப்பையும் இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. “மிகவும் பயனுள்ளது” மட்டும் சமையல் புத்தகத்துக்கும் ஒட்டும்.