தோட்டம் எது, தோட்டத்தார் யார்?

ஒரு சொல்லுக்கு இரண்டு வரைவிலக்கணங்கள் இருப்பது குற்றமன்று. அவ்விரண்டையும் ஒரே பாடநெறியில், ஒரே பெயரால், ஒன்றையொன்று அறியாதனபோல் கற்பிப்பதே குற்றம். இலங்கைச் சமூகத்தைப் பற்றிய பாடநெறிகளில் 'தோட்ட மக்கள்' என்ற தொடருக்கு நேர்ந்துள்ள கதி இதுவேயாகும்.

வட்டவளைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை கொழும்பிற் கடையொன்றிலே வேலை செய்கிறார். தாய் கொழுந்து பறிக்கிறார். சிற்றப்பனோ லயத்தை விட்டு வட்டவளைக் கடைவீதியருகே வீடு கட்டிக் குடியேறிவிட்டார். முதலாவது விரிவுரையாளரின் படவில்லை சொல்கிறது: தோட்ட மக்களாவார் தோட்டத்துறையில் வாழ்வோர், தோட்டத்துறையாவது இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துப்பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டம். இரண்டாவது விரிவுரையாளரின் படவில்லை சொல்கிறது: தோட்ட மக்களாவார் பிரித்தானியர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து பெருந்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். முதலாவதன்படி சிற்றப்பன் தோட்டத்தார் அல்லர். அவர் கிராமத்துறையைச் சேர்ந்தவர். இரண்டாவதன்படி அவர் தோட்டத்தாரே. பரீட்சைத் தாளில் மாணவி யாரை நம்புவது?

இத்தகைய நெருக்கடிக்கு மாணவரிடையே வழக்கிலுள்ள தீர்வுகள் இரண்டு. வினாவைத் தயாரித்தவர் யாரென்று விசாரித்து, அவருடைய வரைவிலக்கணத்தை ஒப்புவித்தல் ஒன்று. இரு வாக்கியங்களையும் 'அத்துடன்' என்னும் சொல்லால் ஒட்டிப் புதியதொரு வாக்கியம் சமைத்தல் மற்றையது. முதலாவது அறிவை ஆளுக்கேற்ற வேடமாக்குகின்றது. இரண்டாவது அதனினும் கேடானது. ஏனெனில் அது இணக்கம்போலத் தோன்றுகின்றது. 'தோட்டத்தில் வாழும் அவ்வழித்தோன்றல்கள்' என்று ஒட்டியவுடன், தோட்டத்தில் வாழும் சிங்களக் குடும்பங்களும், தோட்டத்துக்கு வெளியே வாழும் மலையகத் தமிழரும் ஒருங்கே மறைந்துவிடுகின்றனர். இரு விரிவுரையாளரும் சொல்லாத மூன்றாவது மக்கட்கூட்டம் ஒன்று பிறந்துவிடுகின்றது.

இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று வாதிடுவோர் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை அவர்கள் துணைக்கழைப்பர். அம்மதிப்பீட்டின்படி தோட்டத்துறையில் வாழ்ந்தோர் நாட்டின் சனத்தொகையில் 4.4 சதவீதம், இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் ஏறக்குறைய 4 சதவீதம். எண்கள் அருகருகே நிற்பதால் ஆட்களும் அவர்களே என்று முடிவு செய்வது, ஒரே நிறையுள்ள இரு மூட்டைகளில் ஒரே அரிசிதான் இருக்கும் என்று கொள்வதை ஒக்கும். முதலாவது எண் இடத்தை எண்ணியது. அங்கே வாழ்பவர் எவராயினும் அதனுள் அடங்குவர். இரண்டாவது எண் இனத்தை எண்ணியது. அதுவும் மனிதர் தம்மை எவ்வாறு கூறிக்கொண்டனர் என்பதைச் சார்ந்தது. தம்மை 'இலங்கைத் தமிழர்' எனப் பதிந்துகொண்ட மலையகத்தார் அவ்வெண்ணில் இல்லை.

வேற்றுமை எங்கே கடிக்கின்றது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காகப் புனையப்பட்டவை. வட்டவளைப் பக்கத்தில் நூறு மலையகத் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன என்க. அவற்றுள் அறுபது லயங்களிலும் நாற்பது கடைவீதிப் புறத்திலும் வாழ்கின்றன. லயங்களில் ஐந்து சிங்களக் குடும்பங்களும் உள. லயங்களிலுள்ள அறுபத்தைந்து குடும்பங்களில் பதினெட்டு வறியவை. அவற்றுள் ஒன்று சிங்களக் குடும்பம். கடைவீதிப் புறத்தில் வறியவை நான்கு.

இடத்தை அளவுகோலாகக் கொண்டால், அறுபத்தைந்தில் பதினெட்டு, வறுமை 27.7 சதவீதம். சமூகத்தை அளவுகோலாகக் கொண்டால், நூறில் இருபத்தொன்று. வறுமை 21 சதவீதம். இரண்டும் மெய்யே. வறியோர் தொகையை ஒரு படவில்லையிலிருந்தும் மொத்தத் தொகையை மற்றையதிலிருந்தும் எடுத்தால், நூறில் பதினெட்டு, அதாவது 18 சதவீதம் என்றொரு விடை வரும். அது எவருடைய வறுமையுமன்று. இரு மூலங்களையும் பார்த்தெழுதிய கட்டுரைகளில் இத்தகைய தாயும் தந்தையுமற்ற எண் புகுந்துவிடுவது எளிது. மேற்கொண்ட எண்ணின் தொகுதியும் பகுதியும் ஒரே கூட்டத்தைக் குறிக்கின்றனவா என்று வினவுவதே அதனைக் கண்டுபிடிக்கும் வழி.

காலத்தையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை இன்னும் விபரீதமாகின்றது. வறுமையற்ற பத்துத் தமிழ்க் குடும்பங்கள், அச்சிற்றப்பனைப் போல, லயத்தை விட்டு வெளியே வீடு கட்டிக்கொள்கின்றன. எவரும் முன்னையினும் வறியவராகவில்லை. ஆயினும் முதலாவது வரைவிலக்கணத்தின்படி வறுமை ஐம்பத்தைந்தில் பதினெட்டாகி, 32.7 சதவீதமாக உயர்கின்றது. இரண்டாவதன்படி அது 21 சதவீதத்திலேயே நிற்கின்றது. முன்னேறியவர் வெளியேறுவதாலேயே தோட்டம் பின்தங்கியதாகத் தோன்றும் இவ்விந்தையை அறியாத பட்டதாரி, அறிக்கையைப் பார்த்து, மலையக மக்கள் வீழ்ச்சியுறுகின்றனர் என்று எழுதுவார். மறுபுறத்தில், இரண்டாவது வரைவிலக்கணத்தை மாத்திரம் கற்றவர், லயங்களிற் குவிந்துகிடக்கும் வறுமையைக் கடைவீதியின் நலத்தோடு கலந்து கரைத்துவிடுவார். யாருக்கு வீடு, எங்கே பாதை என்பன இவ்வெண்களைக் கொண்டே வாதிக்கப்படுகின்றன.

மக்கள் நகராவிட்டாலும் எல்லை நகரலாம் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வதிவிடத் தொழிலாளர் பத்துப்பேருக்குக் குறைந்துவிட்டால், அதே லயமும் அதே தேயிலைச் செடியும் நிற்க, அவ்விடம் முதலாவது வரைவிலக்கணத்தின் புறத்தே சென்றுவிடும். நிலம் துண்டாடப்பட்டு இருபது ஏக்கருக்குக் குறைந்தாலும் அவ்வாறே. படுக்கையிற் கிடக்கும் பாட்டி ஓர் அங்குலமும் அசையாமல் 'தோட்ட'த்திலிருந்து 'கிராம'த்துக்குப் பெயர்ந்துவிடுவாள்.

ஆகவே இணக்கம் காண்பதென்பது இரண்டில் ஒன்றைத் தோற்கடிப்பதன்று, இரண்டையும் கலப்பதுமன்று. ஒவ்வொரு படவில்லையின் கீழும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதப்படல் வேண்டும். எண்ணப்படுவது இடமா, மனிதரா? அளவுகோலை வகுத்தவர் யார், எத்தேவைக்காக? எல்லையில் நிற்பவர் உள்ளா, வெளியா? மூன்றாவது வினாவே உரைகல். சிற்றப்பனையும் லயத்துச் சிங்களக் குடும்பத்தையும் இரு வரைவிலக்கணங்களிலும் நிறுத்திப் பார்த்தால் வேற்றுமை கண்முன்னே வெளிப்படும். அதன்பின் ஒரு பெயரை இரண்டாகப் பிரித்தல் எளிது: இடத்தால் அமைந்தோரைத் 'தோட்டத்துறை வாசிகள்' என்றும், வரலாற்றால் அமைந்தோரை 'மலையகத் தமிழர்' என்றும் வழங்கலாம். 'தோட்ட மக்கள்' என்னும் மயக்கச் சொல்லுக்குக் கணக்கில் இடமில்லை.

பல்வேறு நோக்குகளை அறிந்து தாமே தெளிவது மாணவர் கடன் என்று விரிவுரையாளர் சிலர் மறுமொழி கூறக்கூடும். நோக்குகள் வேறென்று அறிவிக்கப்பட்டிருந்தால் அம்மறுமொழி பொருந்தும். அறிவிக்காமல் விட்டுவிட்டு, ஒன்றுக்குப் புள்ளியும் மற்றதற்குப் புள்ளடியும் இடுவது நோக்கின் பன்மையன்று; கலந்து பேசாமையின் விளைவு. ஒரே துறையின் இரு அறைகளுக்கிடையே சில அடி தூரமே உண்டு. பருவத் தொடக்கத்தில் அரைமணி நேரம் அமர்ந்து, பாடநெறியிற் பொதுவாக வழங்கும் சொற்களுக்கு ஒரு பக்கப் பட்டியல் எழுதுவது இருவருக்கும் இயலாத காரியமன்று.

வட்டவளை மாணவி இதைக் கேட்பதற்குக் காரணம் புள்ளிகள் மாத்திரமல்ல. ஒரு படவில்லை அவளுடைய சிற்றப்பனை அவளிடமிருந்து பிரிக்கின்றது. மற்றையது அடுத்த லயத்துச் சிங்களத் தோழியைப் பிரிக்கின்றது. எந்தப் பிரிப்பு எதற்காக என்று அவளுக்கு விளக்கமளிக்காத பாடநெறி, அவளுடைய சமூகத்தைப் பற்றி அவளுக்கு எதையும் கற்பித்ததாகாது.