எண் மருந்துச் சீட்டு எழுதாது

"சிஆர்பி ஏறினால் ஆன்டிபயாட்டிக், இறங்கினால் நிறுத்தம்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இதை ஏற்க முடியாது.

ஜூஜுவாடித் தொழிலாளி ஒருவர் மூன்றாம் நாள் காய்ச்சலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிஆர்பி லிட்டருக்கு 60 மில்லிகிராம். நண்பரின் கணக்குப்படி உடனே அமாக்சிசிலின். ஆனால் சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் அழற்சிப் புரதம். வைரஸ் காய்ச்சலிலும், எந்திரத்தில் அடிபட்ட காயத்திலும் அது ஏறும். நோய் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ஏறாமலும் இருக்கும்.

அவர் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். அக்குளில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கக்கூடும். அதற்கு டாக்சிசைக்ளின் வேண்டும், அமாக்சிசிலின் பலிக்காது. எந்த எண்ணும் இதைச் சொல்லாது.

சிஆர்பியைவிடப் புரோகால்சிடோனின் பாக்டீரியாவைச் சற்றுக் கூடுதலாகச் சுட்டும். ஆனால் பெரிய காயத்திலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் அதுவும் ஏறும். அதன் உண்மையான பயன் மருந்தை நிறுத்துவதில்தான். 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளிடம் அதைத் தினமும் அளந்ததால் மருந்து நாட்கள் ஏறக்குறைய ஒன்று குறைந்தன, சிஆர்பியால் குறையவில்லை.

மருத்துவர்களே, முதலில் நோயாளியைத் தொட்டுப் பாருங்கள். எண்ணைப் பிறகு படியுங்கள்.