பெயர்ப்பலகை எழுதுமுன்

புதிதாகக் கடை திறக்க எண்ணுவோர் முதலில் நல்ல நாள் பார்ப்பர். பின்னர் பெயர் தேடுவர். பெயர் அமைந்ததும் பலகை எழுதுவிப்பர். இக்காலத்திலே இவற்றோடு இன்னுமொரு காரியமும் சேர்ந்துள்ளது. அப்பெயர் இணையத்திலே ஓர் ஆள்களப் பெயராகவும், சமூக ஊடகங்களிலே கணக்குப் பெயராகவும் நமக்குக் கிடைக்குமா என்று பார்ப்பதே அது. பணங்கொடுத்து வாங்குமுன் இதைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், உலகம் முழுவதற்கும் thazhai.com என்பது ஒன்றே ஒன்றுதான்; முந்திப் பதிந்தவருக்கே அது உரியது.

முந்தியவர் உரிமை எவ்வளவு வலியது என்பதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. அமெரிக்காவிலே ஊசி நிசான் என்னும் பெயருடைய ஒருவர் கணினி வணிகம் நடத்தி வந்தார். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1994ஆம் ஆண்டிலே அவர் nissan.com என்ற ஆள்களப் பெயரைப் பதிந்துகொண்டார். பெயர்பெற்ற நிசான் மோட்டார் நிறுவனத்தார் பின்னர் விழித்துக்கொண்டு, 1999இல் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்குப் பல்லாண்டுகள் நடைபெற்றது. ஆயினும் 2020இல் அவர் இறக்கும் வரையில் அப்பெயர் அவரிடமே இருந்தது. கோடி கோடியாய்ப் பணமுள்ள நிறுவனத்துக்கே இந்நிலையென்றால், சிறு கடைக்காரர் பலகை எழுதிய பின்பு பெயர் தேடுவதனாற் பயன் என்ன?

தமிழ்ப் பெயர் வைக்கும் நமக்கோ வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலே பலவாறு எழுதலாம். நம் புகைவண்டியாகிய யாழ்தேவியைச் சிலர் Yal Devi என்பர். சிலர் Yarl Devi என்பர். ழகரத்தை rl என்று எழுதுவது நம்மவர் வழக்கம். தமிழ்நாட்டார் zh என்று எழுதுவர். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகத் திட்டத்தின் முகவரி noolaham.org என்பது. சென்னையில் உள்ள ஒருவர் அச்சொல்லைக் காதாற் கேட்டு எழுதினால், noolagam என்று எழுதுதல் கூடும். ஆகையால், தமிழ்ப் பெயரொன்று கிடைக்குமா என்று பார்ப்பவர் ஒரு சொல்லை அன்று, நாலைந்து சொற்களைப் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்து இதை முறையாகப் பார்ப்போம். கைவினைப் பொருள் விற்கும் கடைக்கு ஒருவர் 'தாழை' என்று பெயரிட விரும்புகிறார் எனக் கொள்வோம். முதற்படியாக, அவர் அச்சொல்லைத் தொலைபேசியிலே நாலைந்து பேருக்குச் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் செய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் ஒருவர், கொழும்பில் வாழ்பவர் ஒருவர், கனடாவில் வளர்ந்த பிள்ளையொன்று என்று கலந்திருப்பது நன்று. thazhai, thaalai, tharlai, thalai என்று பலவாறு வரலாம். இவற்றுள் கடைசியானதைத் 'தலை' என்றும் வாசிக்கலாமன்றோ? எனவே அதைத் தள்ளிவிடலாம். பெரும்பாலோர் எழுதியது எதுவோ அதனையே முதலிலே தேடுதல் வேண்டும். இங்கே அது thazhai என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி ஆள்களப் பெயரைச் சோதிப்பது. பலர் இணைய உலாவியிலே பெயரை எழுதிப் பார்த்து, பக்கம் எதுவும் தோன்றாவிட்டால் 'பெயர் சும்மா கிடக்கிறது' என்று மகிழ்வர். இது பிழை. வேலியும் வீடும் இல்லாமற் காணி வெறுமையாய்க் கிடப்பதனால் அதற்கு உடையவர் இல்லையென்று ஆகாது. உறுதியைப் பார்த்தே உண்மையை அறியலாம். .com, .org போன்றவற்றுக்கு உறுதி பார்க்கும் இடம் lookup.icann.org என்பதாகும். அங்கே பெயரை இட்டால், பதியப்பட்ட நாளும் முடிவடையும் நாளும் தோன்றும். பதிவு எதுவும் இல்லையென்று வந்தாற்றான் பெயர் வெறுமையானது. முடிவு நாள் கழிந்துவிட்டது என்று கண்டாலும் உடனே மகிழ்தல் ஆகாது. .com பெயரொன்று காலாவதியாகி நீக்கப்பட்ட பின்பும், பழைய உடையவர் மீட்டுக்கொள்வதற்கு 30 நாள் தவணை உண்டு. நமது நாட்டுக்குரிய .lk பெயர்களை domains.lk என்னும் தளத்திலே தேடலாம். தமிழ் எழுத்திலேயே அமையும் .இலங்கை என்னும் முடிவும் 2010 முதல் நமக்கு உண்டு.

மூன்றாம் படி சமூக ஊடகக் கணக்குப் பெயர். இங்கே தமிழ் எழுத்தை நம்பியிருக்க இயலாது. இன்ஸ்டகிராமும் எக்ஸும் கணக்குப் பெயருக்கு ஆங்கில எழுத்தையே ஏற்கும். குறியீடுகளிலும் விதிகள் வேறுபடும். ஆள்களப் பெயரிலே இடைக்கோடு வரலாம், அடிக்கோடு வரலாகாது. இன்ஸ்டகிராமிலும் எக்ஸிலும் அடிக்கோடு வரலாம், இடைக்கோடு வரலாகாது. இன்ஸ்டகிராமில் 30 எழுத்து வரை இடமுண்டு. எக்ஸில் 15 எழுத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே, எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டுமெனின், ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் கொண்டதாய், 15 எழுத்துக்குள் அடங்கியதாய் அது இருத்தல் வேண்டும். thazhaikaivinaiyakam என்பது 20 எழுத்து. ஆதலால் அது உதவாது.

இங்கும் வெறும் பக்கத்தைக் கண்டு ஏமாறலாகாது. அப்பெயரில் கணக்கு இல்லையென்று காட்டினாலும், மூடப்பட்ட கணக்கொன்றின் பெயராய் அது பூட்டப்பட்டிருக்கலாம். கணக்குத் திறக்கும் படிவத்திலே பெயரை இட்டு, அது ஏற்கப்படுகிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

இனி நம் கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். thazhai.lk கிடைக்கிறது, ஆனால் thazhai.com பிறரிடம் உள்ளது. இன்ஸ்டகிராமிலும் thazhai என்பதை வேறொருவர் எடுத்துவிட்டார் எனக் கொள்வோம். '.lk கிடைக்கிறதே, போதும்' என்று அவர் அதனை வாங்கிவிடலாமா? கூடாது. மக்கள் பழக்கத்தினாலே .com என்று எழுதிவிடுவர். அவருக்கு வரவேண்டிய மின்னஞ்சலும் கட்டளைகளும் பிறர் கைக்குச் செல்லும். thazhaijaffna என்று 13 எழுத்திலே பெயரை அமைத்து, அது .comஇலும் .lkஇலும் சமூக ஊடகங்களிலும் கிடைக்குமாயின், அதுவே சிறந்தது. ஓரிடத்திலே மட்டும் கிடைக்கும் குறும்பெயரைவிட, எல்லா இடத்திலும் ஒன்றாய் இருக்கும் சற்று நீண்ட பெயரே வாடிக்கையாளர் நினைவில் நிற்கும்.

சோதனை முடிந்ததும், ஒரே அமர்விலே ஆள்களப் பெயரை வாங்கி, கணக்குகளையும் திறந்துவிடுதல் நன்று. வாங்குமிடத்தில் முதலாண்டு விலையை மாத்திரம் பாராது, அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் வாசித்தறிக. சிலவிடங்களிலே முதலாண்டு மலிவாயும் பின்பு பன்மடங்காயும் இருக்கும். பழைய பெயரொன்று கைமாறி வருகிறதோ என்ற ஐயமிருந்தால், web.archive.org என்னும் தளத்திலே முன்பு அம்முகவரியில் என்ன இருந்தது என்று பார்க்கலாம். சூதாட்டப் பக்கம் இருந்த முகவரியிலே நம் கடையை வைத்தால், அப்பழி நம்மையும் தொடரக்கூடும்.

இறுதியாக ஒன்று. ஆள்களப் பெயர் கிடைத்துவிட்டதென்பது அதை வணிகத்திலே வழங்க உரிமை கிடைத்துவிட்டதென்று ஆகாது. இலங்கையில் வணிகக் குறிகளைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிகின்றது. அப்பெயரை அதே தொழிலிலே முன்னரே குறியாகப் பதிந்தவர் இருப்பாராயின், அவர் நம்மீது வழக்கிட இடமுண்டு. ஆதலால் அங்கும் ஒருமுறை தேடிப் பார்த்து, அதன் பின்னரே பெயர்ப்பலகை எழுதுபவரை அழைப்பது முறையாகும்.