ஒரு ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன்?

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வீடியோவுக்கு அக்கா எழுதிய ஸ்கிரிப்டில் 'ஒரு ஸ்பூன் உப்பு' என்றால் டீஸ்பூன். அடுத்த வாரம் ரசத்துக்குத் தங்கை எழுதிய 'ஒரு ஸ்பூன்' டேபிள்ஸ்பூன். டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. பார்ப்பவர் டீஸ்பூனை டேபிள்ஸ்பூனாக எடுத்துக்கொண்டால் உப்பு மூன்று மடங்காகிவிடும். வீணாவது அவர் வீட்டுச் சமையல்; போவது சேனல் மீதிருந்த நம்பிக்கை.

இதைத் தடுப்பதுதான் ஸ்டைல் கைடு. ஒரு பக்கத் தாள் போதும். பழைய ஸ்கிரிப்டுகள் பத்தை எடுத்து, ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வரும் இடங்களையெல்லாம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எழுத வேண்டும். வெறும் 'ஸ்பூன்' கூடாது. விதை என்றால் 'தனியா', இலை என்றால் 'கொத்தமல்லி'. தலைப்பில் 'வத்தக்குழம்பு' என்றால் எல்லா வீடியோவிலும் அதே எழுத்து. ஒரு இடத்தில் 'வற்றல் குழம்பு' ஆனால், தேடுபவர் கண்ணில் படாமல் போகலாம். பேச்சில் எப்போதும் 'நீங்க, வாங்க'. திரையில் வரும் எழுத்து மட்டும் எழுத்துத் தமிழில்.

இனி திருத்தம். தங்கை எழுதிய வரி இது: "மல்லி ரெண்டு ஸ்பூன் போட்டு வறுத்துக்கோ. வாசனை வந்ததும் இறக்கவும்." இதில் 'வறுத்துக்கோ' ஒருமை, 'இறக்கவும்' புத்தக நடை. தாளை வைத்துத் திருத்தினால்: "தனியா ரெண்டு டேபிள்ஸ்பூன் போட்டு வறுத்துக்கோங்க. வாசனை வந்ததும் இறக்கிடுங்க." எந்த ஸ்பூன் என்பதை மட்டும் திருத்துபவர் ஊகிக்கக் கூடாது. எழுதியவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

நேரம் மிச்சம் என்று கம்ப்யூட்டரில் 'மல்லி'யை எல்லாம் ஒரே அழுத்தில் 'தனியா' ஆக்கினால், 'கொத்தமல்லி' கூட 'கொத்ததனியா' ஆகிவிடும். ஒவ்வொரு இடமாகப் பார்த்து மாற்றுவதே சரி. பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் புத்தக நடை ஒளிந்திருக்கும்.

தாள் தொடக்கூடாத இடமும் உண்டு. விருந்தினராக வந்த பாட்டி 'ஒரு கைப்பிடி துவரம்பருப்பு' என்றால், அது அவர் பேச்சு, அப்படியே இருக்கட்டும். அந்தக் கைப்பிடியை அங்கேயே அளந்து பார்த்து, அளவைத் திரையில் எழுத்தாகப் போட்டால் போதும். 'கைப்பிடி' மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே தாளில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஸ்கிரிப்டில் அக்கா ஒன்று எழுதுவார், தங்கை வேறொன்று எழுதுவார்.