வாய்வு இல்ல, எலும்பு சாகுது

ஓர்ஸ் ஹில், நாங்க சொல்லுற உவர்மலை, பெரிய மலை ஒண்டும் இல்லை. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். அந்த ஏற்றத்தில் என் பெரியம்மா மகள், 24 வயது அக்கா, பாதியில் நின்று மதிலைப் பிடித்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். “கவட்டுக்குள்ள ஆழமா நோகுதடி, தொட்டுக் காட்டேலாது” என்றாள். அன்று தொடங்கி ஐந்து மாதம் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பெரியம்மா வாய்வு என்றார். பக்கத்து வீட்டு மாமி, போனோட ஒரே இருப்பு இருந்தால் இப்படித்தான் என்றார். பாமசியில் நோக்குளிசை தந்தார்கள். ஓர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு நல்லாயிருக்கு, இந்த வயசில இடுப்பு வருத்தம் வராது” என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்துக்கு எதிரானது. இந்த வயசில வரும். ஸ்டெரொயிட் குளிசை நீண்ட நாள் குடித்தவருக்கு இந்த வயசிலதான் வரும்.

அக்காவுக்கு லூபஸ். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் பிரட்னிசொலோன் தொடங்கினார்கள். கொப்பியைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். முதல் ஆறு கிழமை நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை எட்டு. அது 1,680. பிறகு இரண்டு மாதம் 20 வீதம், 1,200. பிறகு எட்டு மாதம் 10 வீதம், 2,400. மொத்தம் 5,280 மில்லிகிராம். மருத்துவக் கட்டுரைகளில் இந்த வருத்தத்தோடு சேர்த்துப் பேசப்படும் மொத்த அளவு சுமார் 2,000. அக்கா இரண்டாம் மாதம் முடியும்போதே அதைத் தாண்டிவிட்டாள். 2,000 ஒரு எல்லைக்கோடு இல்லைத்தான். தாண்டினவர் எல்லாருக்கும் வராது, தாண்டாதவருக்கும் வந்திருக்கு. லூபஸ் தானாகவே இந்த ஆபத்தைக் கூட்டும். ஆனால் கொப்பியில் இவ்வளவு இருக்கும்போது “வாய்வு” என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

நடந்தது இதுதான். தொடை எலும்பின் தலை ஒரு பந்து மாதிரி இடுப்புக் குழிக்குள் இருக்கு. அதற்கு இரத்தம் போவது எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்களால். ஒன்று அடைபட்டால் சுற்றி வர வேறு வழி மிகக் குறைவு. ஸ்டெரொயிட் எலும்பு மச்சையில் கொழுப்பைப் பெருக்கும், உள்ளே அழுத்தம் கூடும், சின்னக் குழாய்கள் நசுங்கும், அடைபடும். இரத்தம் போகாத பகுதியில் எலும்பின் உயிர்க்கலங்கள் சாகும். எலும்பு செத்தவுடன் உடையாது. செத்த மரம் நிற்கிற மாதிரி அப்படியே நிற்கும். அதனால்தான் முதல் எக்ஸ்ரே “நல்லாயிருக்கு”. எக்ஸ்ரேக்குத் தெரிவது எலும்பின் உருவமும் அடர்த்தியும்தான், உயிர் இருக்கா இல்லையா என்பதில்லை.

பிறகு உடம்பு பழுது பார்க்க வரும். செத்த எலும்பை அரித்து எடுக்கும் வேகத்துக்குப் புது எலும்பு வைக்க ஏலாது. குருத்தெலும்புக்குக் கீழே உள்ள மெல்லிய தாங்கிகள் ஒரு நாள் முறியும். அப்போது எக்ஸ்ரேயில் பிறை மாதிரி ஒரு கோடு தெரியும். அதன் பிறகு பந்து தட்டையாகும், குழி தேயும். பந்து உருண்டையாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்கும் தட்டையான பிறகு கண்டுபிடிப்பதற்கும் இடையில் ஒரு முழு வாழ்க்கை கிடக்கு. அந்த இடைவெளியில் எங்களுக்குப் போனது ஐந்து மாதம்.

கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடப்பக்கம் சரிந்துவிட்டது. நோவே இல்லாத வலப்பக்கத்திலும் செத்த பகுதி இருந்தது. ஸ்டெரொயிட்டால் வரும்போது இரண்டு பக்கமும் பாதிக்கப்படுவது சாதாரணம். அதனால் ஒரு பக்கம் நோகிறது என்றாலும் இரண்டையும் படமெடுக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். வலப்பக்கத்தில் எலும்பைத் துளைத்து அழுத்தத்தைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். அது எல்லாருக்கும் பலிக்காது. செத்த பகுதி சின்னதாக, பந்து சரியாமல் இருந்தால்தான் வாய்ப்பு. இடப்பக்கத்துக்கு மிஞ்சியிருப்பது செயற்கை மூட்டு. அது 25 வருஷம் உழைத்தால் நல்ல உழைப்பு. அக்காவுக்கு அப்போது 50 வயதுகூட ஆகாது. திரும்ப மாற்ற வேண்டிவரும்.

இது உவர்மலைக்கு மட்டும் வந்த கதை இல்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது பீஜிங்கில் பெரும் அளவில் ஸ்டெரொயிட் கொடுக்கப்பட்டுப் பிழைத்தவர்கள் பலர், மருத்துவமனை ஊழியர்கள் உட்பட, பிறகு இதே இடுப்போடு திரும்பி வந்தார்கள். 2021இல் மும்பை ஹிந்துஜா மருத்துவமனையின் சஞ்சய் அகர்வாலாவும் கூட இருந்தவர்களும், கொவிட்டுக்குப் பிறகு இடுப்பெலும்பு செத்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்தது சராசரியாக 758 மில்லிகிராம் பிரட்னிசொலோன். கொவிட் உறுதியாகிச் சராசரியாக 58ஆம் நாளில் நோ தொடங்கியிருந்தது. சரிவதற்கு முன்பே கண்டுபிடித்ததால் சத்திரசிகிச்சை இல்லாமல் மருந்தோடு பார்க்க முடிந்தது. அங்கே யாரும் “வாய்வு” என்று ஐந்து மாதம் உட்காரவில்லை.

இனி மறுபக்கத்தாரோடும் சண்டை இருக்கு. “இங்கிலீஷ் மருந்து விஷம், அப்பவே சொன்னனே” என்கிறவர்களோடு. அக்காவின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அந்த எட்டுக் குளிசைதான். அதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டெரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும், இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் பம்பும் இதுவும் ஒன்றில்லை. வழக்கமான அளவில் பம்பால் இரத்தத்துக்குள் போவது மிகச் சிறிது. பயத்தில் பம்பைத் தூக்கி எறியாதீர்கள்.

எங்கள் கோபம் மருந்தின் மேல் இல்லை, மௌனத்தின் மேல். “சொன்னால் பயந்து குளிசையை விட்டுடுவாங்க” என்று ஒரு நியாயம் சொல்கிறார்கள். அக்காவிடம் கேட்டேன். “சொல்லியிருந்தாலும் குடிச்சிருப்பன். ஆனா முதல் நாள் நொந்தபோதே ஓடியிருப்பன்” என்றாள். இதற்கு மேல் என்ன பதில் வேணும்? பெரிய அளவில் தொடங்கும்போது கொப்பியில் ஒரு வரி எழுதினால் போதும்: கவட்டில் ஆழமான நோ வந்தால் உடனே வா. இதற்கு ஒரு சதம் செலவில்லை.

அதுவரை நாங்களே கவனிப்போம். நோ கவட்டில் இருக்கும், சிலருக்குத் தொடை வழியே முழங்காலில் மட்டும் தெரியும். அதனால் முழங்காலைப் படமெடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. கதிரையில் இருந்து முழங்கால்களைச் சேர்த்து வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விரியாமல் கவட்டில் குத்தினால் அது இடுப்பு மூட்டின் குரல். ஸ்டெரொயிட் குடித்த கதையை, எத்தனை குளிசை எத்தனை நாள் என்ற கணக்கோடு, கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தம் என்றால், “அப்ப எம்.ஆர்.ஐ. எழுதுவீங்களா?” என்று கேளுங்கள். மரியாதையாகத்தான், ஆனால் எழும்பாமல் இருந்து கேளுங்கள்.

அக்கா இப்போது ஏற்றத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஊன்றுகோலோடு வாசலில் இருந்து ஹாபரைப் பார்க்கிறாள். யாராவது வந்து “வாய்வுதானே பிள்ளை” என்றால், கொப்பியை எடுத்து நீட்டுகிறாள்.