நல்லவர் என்பதற்கும் காலக்கெடு

பிரிட்டனில் மருத்துவராகப் பதிய, கடந்த 5 ஆண்டுகளில் பதிவு வைத்திருந்த ஒவ்வொரு நாட்டுக் கவுன்சிலிடமிருந்தும் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ் வேண்டும். அதன் ஆயுள் கையெழுத்தான நாளிலிருந்து 3 மாதம்தான். இந்தியாவில் ஜனவரி 5 கையெழுத்தானது பிப்ரவரி 20-ல் போய்ச் சேர்ந்தால், மிச்சம் ஆறு வாரமே. பதிவுக்கு ஒப்புதல் கிடைக்குமுன் காலாவதியானால் மறுபடி பணம், மறுபடி அலைச்சல்.

காவல்துறைச் சான்று வேறு. பாஸ்போர்ட் அலுவலகம் தருவது, விசாவுக்குக் கேட்கப்படுவது. இரண்டையும் முதலிலேயே வாங்கி வைப்பதுதான் தவறு. பிளாப் இரண்டாம் தேர்வு தேறியபின் முதலாவது, வேலை உறுதியானபின் மற்றது என்பதே சரியான வரிசை.

நேற்றைய நற்சான்று இன்றைக்குச் சாட்சியாகாது. ஆகவே காலக்கெடு நியாயமே. ஆனால் தாமதம் அலுவலகத்துடையது, தண்டனை மருத்துவருக்கா?